“அம்மா, அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்?”

பள்ளி வேன், தெருக் கிரிக்கெட், மாமாவின் செல்போனில் ஓடும் வீடியோ, பேருந்து நிலையத்துச் சண்டை. எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியாது, ஆனால் ஆறு ஏழு வயதுக்குள் ஒரு கெட்ட வார்த்தை பிள்ளையோடு வீட்டுக்குள் வந்துவிடும். இந்தச் சொற்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் திமோதி ஜேயும் கிறிஸ்டின் ஜேயும் 2013இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பள்ளியில் சேரும் வயதிலேயே பிள்ளைகளிடம் இப்படிப்பட்ட சொற்கள் கணிசமாகச் சேர்ந்துவிடுகின்றன என்பது அதில் தெரியவந்தது. அப்படியானால், பிள்ளையின் காதில் விழாமல் காப்பது எப்படி என்று யோசித்துப் பயனில்லை. விழுந்த பிறகு நாம் என்ன செய்கிறோம் என்பதே முக்கியம்.

நம் வீடுகளில் வழக்கமாக நடப்பது இதுதான். வாயில் ஒரு அடி விழும். அல்லது, “இன்னொரு தடவ சொன்னா மொளகாப் பொடிய வாயில தேச்சிடுவேன்” என்று மிரட்டல் வரும். பாட்டி இருந்தால், சாமி கண்ணைக் குத்தும், நாக்கு அழுகிப்போகும் என்பார். சித்தப்பா இருந்தால் சிரித்துவிடுவார். அர்த்தம் என்ன என்று பிள்ளை கேட்டால், “பெரியவனான பிறகு தெரிஞ்சுக்கலாம்” என்ற பதில் கிடைக்கும். இவை ஒன்றுக்கொன்று வேறானவைபோலத் தோன்றினாலும் பிள்ளைக்கு எல்லாம் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன: இது சாதாரண வார்த்தை இல்லை, இதைச் சொன்னால் பெரியவர்கள் முகமே மாறுகிறது. ஏழு வயதில் அத்தனை பெரிய சக்தி வேறெந்த வழியிலும் கைக்கு வராது.

மிரட்டல் ஏன் பலிப்பதில்லை என்பதற்கு நல்லதொரு பழைய சோதனை உண்டு. 1965இல் ஜோனதன் ஃப்ரீட்மன் என்ற உளவியலாளர், ஆரம்பப் பள்ளிச் சிறுவர்கள் முன்னால் சில பொம்மைகளை வைத்தார். அவற்றில் பாட்டரியில் ஓடும் ஒரு ரோபோதான் எல்லோர் கண்ணையும் இழுத்தது. ஒரு பகுதிச் சிறுவர்களிடம், “ரோபோவைத் தொடுவது தப்பு. தொட்டால் எனக்கு ரொம்பக் கோபம் வரும், சும்மா விடமாட்டேன்” என்று கடுமையாகச் சொன்னார். இன்னொரு பகுதியிடம், “ரோபோவைத் தொடுவது தப்பு” என்பதோடு நிறுத்திக்கொண்டார். அன்றைக்கு இரண்டு பகுதியினரும் ஏறக்குறைய ஒன்றுபோலவே கீழ்ப்படிந்தார்கள். வித்தியாசம் சில வாரங்கள் கழித்துத்தான் தெரிந்தது. வேறொருவர் வேறொரு வேலையாக வந்து, அதே பொம்மைகளுடன் விளையாட விட்டபோது, முன்பு கடுமையாக மிரட்டப்பட்ட சிறுவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாதவர்கள் ரோபோவை எடுத்தார்கள். மென்மையாகச் சொல்லப்பட்டவர்களில் எடுத்தவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான்.

மிரட்டப்பட்ட பிள்ளைக்குத் தான் ஏன் தொடவில்லை என்பது தெளிவாகத் தெரியும்: அந்த ஆளுக்குப் பயந்து. ஆள் போனதும் காரணமும் போய்விடுகிறது. மிரட்டப்படாத பிள்ளைக்கு அப்படி வெளியே கைகாட்ட ஒரு காரணம் இல்லை. ‘இது சரியில்லை, அதனால் நான் தொடவில்லை’ என்று தனக்குள்ளேயே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது. அந்த முடிவு பிள்ளையோடு போகும் இடமெல்லாம் போகிறது. கெட்ட வார்த்தைக்கும் இது அப்படியே பொருந்துகிறது. வீட்டில் வாயைத் திறக்காத பிள்ளை வேனில் அதையே சரளமாகப் பேசுகிறது என்று ஆசிரியை புகார் சொன்னால், அந்த வீட்டில் தடை மிரட்டலை நம்பியே நின்றது என்று எடுத்துக்கொள்ளலாம்.

மிரட்டலுக்கு இன்னொரு விளைவும் உண்டு. அது சொல்லுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. 2003இல் கேத்தரின் ஹாரிஸும் உடன் பணியாற்றியவர்களும் செய்த ஆய்வில், துருக்கியைத் தாய்மொழியாகக் கொண்டு பின்னால் ஆங்கிலம் கற்றவர்களின் விரலில் கருவி பொருத்தி, தோலில் ஏற்படும் நுண்ணிய மாற்றத்தை அளந்தார்கள். கெட்ட வார்த்தைகளுக்கு உடல் அதிர்ந்தது எதிர்பார்த்ததுதான். ஆனால் சின்ன வயதில் பெரியவர்கள் கண்டிக்கும் வாக்கியங்களைத் தாய்மொழியில் கேட்டபோதும் உடல் பலமாக அதிர்ந்தது. அதே கண்டிப்பு பிற்பாடு கற்ற மொழியில் வந்தபோது அந்த அளவு அதிர்வு இல்லை. நாம் பிள்ளையிடம் கத்தும் நொடியில், வெறும் ஓசையாக இருந்த ஒன்றுக்கு வாழ்நாள் முழுவதும் இருக்கப்போகும் ஒரு வேகத்தை ஏற்றிவிடுகிறோம் என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். பிள்ளை அந்தச் சொல்லைக் கொண்டுவரும்போது அதில் வேகம் எதுவும் இல்லை. பெரும்பாலும் அர்த்தம்கூட இல்லை.

அதனால்தான் அர்த்தத்தைச் சொல்லிவிடுவது நல்லது என்கிறேன். முழுவதையும் சொல்ல வேண்டியதில்லை. அந்த வயதுக்குத் தாங்கும் அளவு, ஆனால் பொய் கலக்காமல். அர்த்தம் தெரியாத சொல்லில்தான் மர்மம் இருக்கும்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். நாம் கெட்ட வார்த்தை என்று ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருப்பதில் பல வகைச் சொற்கள் கலந்து கிடக்கின்றன. நாலு வயதுப் பிள்ளை ‘கக்கா’, ‘குசு’ என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பது ஒரு வகை. அது கழிவறைப் பழக்கம் படியும் வயதின் விளையாட்டு. கண்டுகொள்ளாமல், “அது பாத்ரூம்ல பேசுற பேச்சு, சாப்பிடும்போது வேணாம்” என்றால் போதும். அதற்கு அடி கொடுப்பது வீண்.

இன்னொரு வகை, உடலுறுப்புகளின் கொச்சைப் பெயர்கள். நம் ஊர் வசவுகளில் பாதிக்குமேல் இவைதான். ஒன்றாம் வகுப்புச் சிறுமி இப்படியொரு சொல்லைச் சொல்லி அர்த்தம் கேட்டால் பெரும்பாலான அம்மாக்கள் பதறிப்போவார்கள். பதற வேண்டியதில்லை. “அது பொண்ணுங்க ஒண்ணுக்கு போற இடத்துக்குச் சொல்ற கொச்சையான பேரு. அதோட சரியான பேரு பெண்குறி. கை, கால் மாதிரி அதுவும் உடம்புல ஒரு இடம்தான். அந்தக் கொச்சைப் பேர வச்சு யாரையாவது திட்டினா அவங்களுக்கு அசிங்கமா இருக்கும், அதனால நாம சொல்றதில்ல.” இவ்வளவுதான் பதில்.

இங்கே இன்னும் ஆழமான காரணம் ஒன்றும் இருக்கிறது. அந்த உறுப்பே அசிங்கம், அதன் பேரை எடுப்பதே பாவம் என்று பிள்ளை கற்றுக்கொண்டால், யாராவது அங்கே தொட்டாலும் வந்து சொல்ல அதனிடம் சொல் இருக்காது. சொன்னால் தனக்கே அடி விழும் என்று நினைக்கும். கெட்ட வார்த்தை பேசினால் சூடு போடுவேன் என்று மிரட்டி வளர்த்த பிள்ளை, தனக்கு நடந்த கெடுதலைச் சொல்ல வேண்டிய நேரத்தில் அந்த மிரட்டலைத்தான் நினைத்துக்கொள்ளும். உறுப்பின் பெயர் வேறு, அதை எறிகல்லாக்கும் வசவு வேறு என்பதைப் பிள்ளைக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

சாதாரணமாக நடக்கக்கூடிய ஒரு நிகழ்வை எடுத்துக்கொள்வோம். மூன்றாம் வகுப்புப் பையன். மாலையில் தெருவில் கிரிக்கெட் ஆடிவிட்டு வருகிறான். டிவி ரிமோட்டுக்காகத் தங்கையோடு சண்டை. திடீரென்று, தாயை இழிவுபடுத்தும் ஊரறிந்த அந்தச் சொல்லால் அவளைத் திட்டுகிறான். அம்மா சமையலறையில் இருக்கிறார். அப்பாவும் தாத்தாவும் கூடத்தில்.

அம்மா முதலில் செய்ய வேண்டியது சண்டையை நிறுத்துவது மட்டும். “ரிமோட்ட இங்க குடு. ரெண்டு பேரும் தள்ளி உக்காருங்க.” சொல்லைப் பற்றி அந்த நேரத்தில் ஒரு பேச்சும் வேண்டாம். நாலு பேர் முன்னால் விசாரணை நடந்தால் பிள்ளைக்கு அவமானம் மட்டுமே நினைவில் நிற்கும். கோபம் அடங்க ஒரு பத்து நிமிடம் போகட்டும். பிறகு, பட்டாணி உரிக்கும்போதோ துணி மடிக்கும்போதோ, பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசலாம். கைக்கு ஒரு வேலை இருந்தால் பிள்ளை முகத்தை நேருக்கு நேர் பார்க்க வேண்டியதில்லை, பேச்சும் தானாக வரும்.

“அந்த வார்த்தைய எங்கடா கேட்ட?”

“கிரவுண்ட்ல. அவுட் இல்லன்னு சண்ட வந்துச்சு. அப்ப ஒரு அண்ணன் சொன்னாங்க.”

“அதுக்கு என்ன அர்த்தம்னு தெரியுமா?”

“தெரியாதும்மா. கோவம் வந்தா சொல்றதுதான?”

“அது ஒருத்தரோட அம்மாவ ரொம்பக் கேவலமாப் பேசுற வார்த்தை. சண்ட போட்டது நீயும் பாப்பாவும். அந்த வார்த்தை திட்டுறது அம்மாவ.”

“எங்க ரெண்டு பேருக்கும் ஒரே அம்மாதான?”

“ஆமா. அது தெரியாமத்தான் சொன்ன, எனக்குத் தெரியும். இப்பத் தெரிஞ்சிடுச்சுல்ல, இனிமே யாரையும் அப்படித் திட்டாத.”

“சொன்னா சாமி கண்ணக் குத்துமா? தாத்தா சொன்னாங்க.”

“குத்தாது. கேக்கறவங்களுக்கு மனசு வலிக்கும், அதுக்காகத்தான் வேணாங்கறேன். கோவம் வந்தா கோவமா இருக்குன்னு கத்து, ‘என் ரிமோட்டப் பிடுங்காத’ன்னு சொல்லு. அது தப்பில்ல. புதுசா எந்த வார்த்தை கேட்டாலும் எங்கிட்ட வந்து கேளு. கேக்கறதுக்குத் திட்டமாட்டேன்.”

அவ்வளவுதான். இரண்டு நிமிடத்துக்குமேல் போகக் கூடாது. நீளமான உபதேசம், சொன்ன சொல்லை நீளமாக மனதில் வைத்திருக்கச் செய்யும்.

இந்தப் பேச்சில் சில விஷயங்கள் கவனிக்க வேண்டியவை. “யார்ரா உனக்கு இதச் சொல்லிக் குடுத்தது?” என்று அம்மா கேட்கவில்லை, “எங்க கேட்ட?” என்றுதான் கேட்டார். முதல் கேள்வி பிள்ளையைப் பொய்க்குத் தள்ளும். இரண்டாவது, உண்மையிலேயே நாம் தெரிந்துகொள்ள வேண்டியதைத் தரும். விளையாட்டுத் திடலில் என்றால் பெரிய விஷயமில்லை. ஒரு பெரியவர் தனியாக இருக்கும்போது சொன்னார், யாரிடமும் சொல்லாதே என்றார் என்று பதில் வந்தால், அது வார்த்தையைப் பற்றிய விஷயமே இல்லை. நிதானம் இழக்காமல் முழுவதையும் கேட்டுக்கொண்டு, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

அடுத்தது, அந்தச் சொல்லின் பாலியல் அர்த்தத்தை அம்மா சொல்லவில்லை. ஆனால் சொன்னது பொய்யும் இல்லை. எட்டு வயதுக்கு, யாரை அது காயப்படுத்துகிறது என்பதே அர்த்தத்தின் முக்கியமான பாதி. மீதியைப் பதினொன்று, பன்னிரண்டு வயதில், பருவ மாற்றங்களைப் பற்றிப் பேசும்போது நேராகவே சொல்லிவிடலாம். ‘பெரியவனானா தெரியும்’ என்று சொல்லிவைத்தால் அந்தச் சொல் பெரியவனாவதற்கான பரிசாகிவிடுகிறது. பையன் அந்தப் பரிசை அடுத்த வாரமே ஆறாம் வகுப்பு அண்ணனிடம் வாங்கிக்கொள்வான், அதுவும் கோணலாக.

மூன்றாவது, அர்த்தம் கேட்பதற்காகச் சொல்வது வேறு, திட்டுவதற்காகச் சொல்வது வேறு என்று அம்மா பிரித்துக் காட்டினார். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். வந்து கேட்ட பிள்ளைக்கும் அடி விழுந்தால், அடுத்த சொல்லைப் பற்றி அது நம்மிடம் வரவே வராது.

சரி, பேசியாயிற்று. மறுநாளே அவன் மறுபடியும் சொன்னால்? சொல்வான், பெரும்பாலும் நம் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்வான். நேற்று சாதாரணமாக இருந்த அம்மா இன்றும் அப்படித்தான் இருப்பாரா என்று சோதிக்கிறான். “அந்த வார்த்தை இங்க வேணாம்” என்று ஒரே வாக்கியம், அதே குரலில். பிறகு பேச்சை மாற்றிவிட வேண்டும். கவனம் கிடைக்காத பழக்கம் அணைவதற்கு முன் சில நாள் அதிகமாவது வழக்கம். குழந்தை உளவியலில் இது நன்றாகத் தெரிந்த விஷயம். அந்த நாட்களில்தான் பெற்றோர் பொறுமையிழந்து கத்திவிடுகிறார்கள். இன்னும் கொஞ்சம் பலமாகச் செய்தால் பலன் கிடைக்கும் என்று பிள்ளை கற்றுக்கொள்வது அப்போதுதான்.

கூட்டுக் குடும்பத்தில் இதைக் கெடுப்பது பெரும்பாலும் கோபம் இல்லை, சிரிப்பு. மூன்று வயதுக் குழந்தை மழலையில் ஒரு கெட்ட வார்த்தையைச் சொல்லும்போது வீடே சிரிக்கிறது. சித்தப்பா, “இன்னொரு தடவ சொல்லு” என்று செல்போனில் வீடியோ எடுக்கிறார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அது ஓடுகிறது. ஆறு மாதம் கழித்து விருந்தாளி முன்னால் அதே சொல்லைச் சொன்னதற்கு அடி விழுகிறது. குழந்தைக்கு இதில் எதுவும் புரியாது. பத்துப் பேர் கண்டுகொள்ளாமல் இருந்தும் ஒருவர் எப்போதாவது சிரித்தால், அந்த ஒரு சிரிப்புக்காகவே பழக்கம் நீடிக்கும். எனவே பிள்ளையிடம் பேசுவதற்கு முன் வீட்டுப் பெரியவர்களிடம் பேச வேண்டும். “சிரிக்காதீங்க, திட்டாதீங்க, நான் பார்த்துக்கறேன்” என்று தாத்தாவிடமும் சித்தப்பாவிடமும் சொல்வது கஷ்டமான வேலைதான். சொல்லாமல் மற்றதெல்லாம் வீண்.

தவறிப்போயிற்றா என்று கண்டுபிடிக்கவும் வழி உண்டு. ஆசை வளர்ந்திருந்தால், சொல்லிவிட்டு நம் முகத்தைப் பார்க்கும் பழக்கம் வாரக்கணக்கில் நீளும். குளியலறையில் தனியாகச் சொல்லிப் பார்க்கும், தம்பி தங்கைக்குக் கற்றுக்கொடுக்கும். அப்படியென்றால் நாம் இன்னும் அந்தச் சொல்லுக்கு அதிக மரியாதை தருகிறோம். பயம் வளர்ந்திருந்தால் அடையாளம் வேறு. “இது கெட்ட வார்த்தையாம்மா?” என்று சாதாரணச் சொற்களுக்கெல்லாம் கேட்கும். இரவில் தூங்கப் போகும்போது, “மனசுக்குள்ள ஒரு கெட்ட வார்த்தை வந்துடுச்சு” என்று அழுதுகொண்டே சொல்லும். அப்போது, “மனசுல வர்றது தப்பில்ல, யாரையும் திட்டலல்ல, தூங்கு” என்று சொல்லி முடித்துவிட வேண்டும். அது பல வாரம் தொடர்ந்தாலோ, கண் சிமிட்டல், தோள் குலுக்கல்போன்ற அசைவுகளோடு சொற்கள் தன்னையறியாமல் வெளிவந்தாலோ குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுவது நல்லது. அது ஒழுக்கப் பிரச்சினையாக இருக்க வாய்ப்பில்லை.

கண்டிப்பு வேண்டவே வேண்டாமா என்று கேட்டால், வேண்டும். ஆனால் அதை எங்கே செலவழிக்கிறோம் என்பதில் நாம் தடுமாறுகிறோம். ‘குசு’ என்ற பிள்ளைக்கு அடி விழுகிற அதே வீட்டில், வகுப்புத் தோழனை ‘கருவாயா’ என்றும் ‘நொண்டி’ என்றும் சொல்லும் பிள்ளையைப் பார்த்துச் சிரித்துவிடுகிறார்கள். ஓர் ஆளை அவர் நிறத்துக்காகவும் உடலுக்காகவும் பிறப்புக்காகவும் தாழ்த்தும் சொல்தான் உண்மையில் கெட்டது. மற்றவை இடம் தவறியவை.

சாதிப் பெயர்களை வசவாக்கும் பழக்கத்தில் இது உச்சத்துக்குப் போகிறது. ‘சண்டாளா’, ‘சண்டாளி’ என்று நம் வீடுகளில் பாட்டிகள்கூடச் செல்லமாகத் திட்டுவார்கள். தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகளில் அந்தப் பெயரில் ஒரு சமூகம் இருக்கிறது. அதை இழிவாகப் பயன்படுத்தினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும் என்று 2024இல் மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் நினைவூட்டியது. இப்படிப்பட்ட சொல்லைப் பிள்ளை கொண்டுவந்தால் குரல் கொஞ்சம் இறுகலாம். “இது ஒரு கூட்டத்து மக்களோட பேரு. அந்த வீட்டுல பிறந்த பிள்ள ஒண்ணு உன் வகுப்புலயே இருக்கலாம். அவங்க பேரையே திட்டுறதுக்கு வச்சிருக்காங்க, அது பெரிய அநியாயம்.” ஏழு வயதுக்கு இது நன்றாகப் புரியும். அநியாயம் என்ற சொல்லை அந்த வயதுப் பிள்ளைகளைவிட அதிகமாகப் பயன்படுத்துகிறவர்கள் யாரும் இல்லை.

பிறகு பிள்ளை நம்மைக் கவனிக்கத் தொடங்கும். சிக்னலில் குறுக்கே வந்த ஆட்டோவை அப்பா திட்டியதும் பின்சீட்டிலிருந்து, “அப்பா, அது கெட்ட வார்த்தை” என்று குரல் வரும். “பெரியவங்க பேசலாம்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். “ஆமாம்பா, கோவத்துல சொல்லிட்டேன், சொல்லியிருக்கக் கூடாது” என்று சொல்லுங்கள். நாளைக்கு அவன் வாயிலிருந்து ஒன்று நழுவும்போது என்ன சொல்ல வேண்டும் என்பதை அந்த வாக்கியத்திலிருந்துதான் கற்றுக்கொள்வான்.